கூட்டல் சரி, கணக்கு தவறு

வேம்பார் கடற்கரையில் வள்ளக்காரர்களிடம் நண்டும் கணவாயும் எடுத்துத் தூத்துக்குடி கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடையும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. தவறுகள் மட்டும் எந்தக் கடையிலும் நடப்பவை. மார்ச் 31 முடிந்ததும் பேரேட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எடுத்து இருப்பாய்வு போட்டார்கள். பற்றுப் பத்தியின் கூட்டு 64,38,750 ரூபாய். வரவுப் பத்தியின் கூட்டும் அதே 64,38,750. ஆண்டு லாபம் 3,12,000 என்று வந்தது. கணக்கு முடிந்துவிட்டது என்று முதலாளி நோட்டை மூடிவிட்டார்.

அந்தப் பேரேட்டுக்குள் அப்போது மூன்று தவறுகள் இருந்தன. அவற்றைத் திருத்தியபோது லாபம் 4,40,200 ஆனது. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேலான வித்தியாசம். ஆனாலும் இரண்டு பத்திகளுக்கும் நடுவே ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, இருப்பாய்வு எதைச் சோதிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரட்டைப் பதிவில் ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரே தொகையாக இரண்டு இடத்தில் ஏறுகிறது. ஒன்றில் பற்று, மற்றொன்றில் வரவு. சொத்தும் செலவும் பற்று இருப்பாக நிற்கும். கடனும் முதலும் வருமானமும் வரவு இருப்பாக நிற்கும். இருப்பாய்வு கேட்பது ஒரே கேள்விதான்: பற்று எவ்வளவு ஏறியதோ அவ்வளவு வரவும் ஏறியதா? தொகை உண்மையானதா, சரியான ஆளின் பெயரில் ஏறியதா, ஏற வேண்டியது எல்லாம் ஏறியதா என்று அது கேட்பதில்லை. ஆகவே இரண்டு வழிகளில் ஒரு தவறு அதைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டு பத்தியையும் ஒரே அளவு மாற்றும் தவறு ஒரு வழி. ஒரே பத்திக்குள் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தொகையை நகர்த்தும் தவறு மற்றொரு வழி. நம் கடையில் இரண்டும் நடந்திருந்தன.

முதல் தவறு நவம்பர் மாத மழை இரவில் நடந்தது. நேரம் கழித்துக் கரை சேர்ந்த ஒரு வள்ளத்திலிருந்து 62 கிலோ நீலக்கால் நண்டு, கிலோ 400 ரூபாய் என்று கடனுக்கு எடுத்தார்கள். எடைச் சீட்டு எழுதியாயிற்று. நனைந்த சீட்டு இன்னொரு சீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு கோப்புக்குள் போய்விட்டது. கணக்கில் ஏறவே இல்லை. கொள்முதல் கணக்கில் 24,800 ரூபாய் பற்று விட்டுப்போனது, வள்ளக்காரர் கணக்கில் 24,800 ரூபாய் வரவும் விட்டுப்போனது. சீட்டு ஏறியிருந்தால் இரண்டு பத்தியும் 64,63,550 என்று காட்டியிருக்கும். ஏறாததால் இரண்டும் சேர்ந்து இறங்கின. பள்ளிப் பாடநூல் இதை விடுபிழை என்கிறது. ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தால் இருப்பாய்வு அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். முழுக்க விட்டுப்போனதுதான் அதற்குத் தப்பித்தது.

இந்தத் தவறுக்கான தடயம் பேரேட்டுக்குள் இல்லை, எடையில் இருந்தது. வாங்கிய நண்டு மொத்தம் எத்தனை கிலோ, கம்பெனிக்கு அனுப்பியது எத்தனை கிலோ என்று ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால், நண்டு வியாபாரத்தில் அனுப்பிய எடை சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நீர் வடியும், கால் உடையும், கொஞ்சம் கழிவாகப் போகும். இந்தக் கடையில் நவம்பரில் மட்டும் வாங்கியதைவிட அனுப்பியது அதிகமாக இருந்தது. கடலில் பிடிக்காத நண்டைக் கம்பெனிக்கு அனுப்ப முடியாது. பிறகு எடைச் சீட்டுகளின் வரிசை எண்ணைப் பார்த்தபோது நடுவில் ஒரு எண் விடுபட்டிருந்தது. சீட்டில் எண் அச்சடிப்பதே இதற்காகத்தான். வெற்றுத் தாளில் எழுதிக் கொடுக்கும் கடைகளில் எந்தச் சீட்டு விடுபட்டது என்று கண்டுபிடிக்க இந்த வழி இல்லை.

இரண்டாவது தவறு பெயரால் வந்தது. முத்துக்குளித்துறைக் கரையில் ஒரே தெருவில் நாலைந்து அந்தோணிகளும் சேவியர்களும் இருப்பார்கள். பின்னால் வரும் பர்னாந்து என்ற பெயரும் பாதிப் பேருக்குப் பொது. கடையிலிருந்து ஒரு அந்தோணிக்கு 18,500 ரூபாய் ரொக்கம் கொடுத்தார்கள். ரொக்கக் கணக்கில் வரவு சரியாக விழுந்தது. பற்று வேறொரு அந்தோணியின் கணக்கில் விழுந்தது. இருவருக்குமே கடை பணம் தர வேண்டியிருந்ததால் இருவரும் வரவுப் பத்தியில்தான் நிற்கிறார்கள். ஒருவர் இருப்பு 18,500 குறைந்தது. மற்றவர் இருப்பு குறைய வேண்டிய 18,500 குறையாமல் நின்றது. பத்தியின் கூட்டு அசையவில்லை. லாபமும் மாறவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது இரண்டு இடத்தில் தவறாகிவிட்டது.

பெயர் மாறிய பதிவுகளில் ஒரு விஷயத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். நட்டப்படுகிறவர் மட்டும்தான் வாய் திறப்பார். பணம் வாங்காமலே வாங்கியதாக எழுதப்பட்ட அந்தோணி, "அண்ணாச்சி, எனக்கு இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வரணுமே" என்று வந்து நிற்பார். வாங்கியும் கணக்கில் வராத அந்தோணிக்கு வந்து சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவரே தன் கணக்கை எழுதி வைக்காதவராகவும் இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் தொகையைச் சேர்த்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டால், அடுத்த அந்தோணிக்கு இரண்டாவது முறை பணம் போய்விடும். அதனால் ஒருவர் புகார் சொன்னால், அந்தத் தொகை யார் கணக்கில் விழாமல் போனது என்றும் தேட வேண்டும். பேரேட்டில் பெயரோடு வள்ளத்தின் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

மூன்றாவதுதான் பெரிய தவறு. முதலாளிக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் உண்டு. ஜூன் மாதம் அதற்கு 1,80,000 ரூபாய்க்குப் புது எஞ்சின் வாங்கினார். பில்லைக் கையில் வாங்கிய கணக்குப்பிள்ளை, வள்ளம் சம்பந்தப்பட்டதுதானே என்று படகுப் பராமரிப்புக் கணக்கில் பற்று எழுதிவிட்டார். எஞ்சின் பல ஆண்டு உழைக்கும் சொத்து. அது முதலினச் செலவு. பராமரிப்பு அந்த ஆண்டோடு தீரும் வருவாயினச் செலவு. இரண்டுமே பற்றுப் பத்தியில் நிற்பவை என்பதால், 1,80,000 ஒரு வரியில் இருக்க வேண்டியது அடுத்த வரியில் இருந்தது, அவ்வளவுதான். லாபம் மட்டும் அடிவாங்கியது. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் என்று வைத்தால் 27,000 ரூபாய்தான் இந்த ஆண்டுச் செலவு. மீதி 1,53,000 வீணாக லாபத்திலிருந்து கழிந்திருந்தது. இது விதிப்பிழை.

இதே தவறைத் தலைகீழாக, தெரிந்தே செய்த நிறுவனம் அமெரிக்காவின் வேர்ல்டுகாம். மற்ற தொலைபேசி நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகை அதற்கு அன்றாடச் செலவு. அதைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்குகளில் போட்டார்கள். செலவு குறைந்தது, லாபம் வீங்கியது, பற்றும் வரவும் சமமாகவே இருந்தன. உள்தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பரின் குழு, சொத்தில் ஏறிய தொகைகளுக்கு ஆதாரச் சீட்டு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனபோதுதான் அது வெளியே வந்தது. 2002 ஜூனில் நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 380 கோடி டாலர்.

நம் கடையின் எஞ்சினும் அதே வழியில்தான் அகப்பட்டது. படகுப் பராமரிப்பு முந்தைய ஆண்டு சில பத்தாயிரங்களில் நின்றது. இந்த ஆண்டு திடீரென்று இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு செலவுக் கணக்கு இப்படித் துள்ளினால் அந்தக் கணக்கைத் திறந்து பெரிய தொகைகளின் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். திருத்தப் பதிவு எளிது: எஞ்சின் கணக்கைப் பற்று வைத்துப் பராமரிப்புக் கணக்கை வரவு வைத்து, 27,000 தேய்மானத்தையும் பதிந்தால் போதும். திருத்துவதற்கு முன்னும் இருப்பாய்வு ஒத்தது, திருத்திய பின்னும் ஒத்தது.

கையால் எழுதிய நோட்டுகளில் இன்னொரு வகையும் உண்டு. விற்பனைப் புத்தகத்தின் கூட்டில் ஆயிரம் குறைத்துவிட்டு, ஐஸ் செலவுக் கணக்கின் கூட்டிலும் ஆயிரம் குறைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். ஈடுசெய்பிழை என்ற பெயர் அதற்குத்தான். டேலி போன்ற மென்பொருள் வந்தபின் இது ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கூட்டுவது எந்திரம், பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை அது ஏற்றுக்கொள்வதே இல்லை. இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் "Difference in opening balances" என்ற ஒரே வரியாகத்தான் வரும். அதுவும் தொடக்க இருப்புகளைச் சரியாக ஏற்றாததால் வருவது.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய நோட்டில் இருப்பாய்வு ஒத்தது என்றால் அதற்கு ஒரு பொருள் இருந்தது. பெரும்பாலும் கூட்டல் சரி, ஒரு பக்கம் மட்டும் ஏறிய பதிவு இல்லை என்று அது சொல்லிற்று. இன்று அந்த இரண்டையும் மென்பொருள் வாசலிலேயே தடுத்துவிடுகிறது. ஆகவே தொடக்க இருப்புகள் சரியாக இருந்தால் இருப்பாய்வு எப்போதும் ஒத்தே வரும். ஒத்துவருவதிலிருந்து புதிதாக எதுவும் தெரியாது. ஏறாத சீட்டு, மாறிய அந்தோணி, செலவில் போன எஞ்சின் எல்லாம் கணினியிலும் அப்படியே பதியும். 4,530 என்ற பில்லை 4,350 என்று தட்டினால் இரண்டு கணக்கிலும் 4,350 ஏறும்.

இரட்டைப் பதிவை 1494-இல் வெனிஸில் அச்சான நூலில் விளக்கிய லூக்கா பாச்சோலி, பேரேட்டின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடச் சொன்னதோடு நிற்கவில்லை. குறிப்பேட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பேரேட்டில் அந்தப் பதிவைத் தேடிப் புள்ளி வைக்கும் முறையையும் விவரித்தார். நம் அந்தோணியின் 18,500 அந்தப் புள்ளியில் சிக்கியிருக்கும். ஆனால் குறிப்பேட்டிலேயே ஏறாத நவம்பர் சீட்டு அதிலும் சிக்காது. அதற்குப் புத்தகத்தை விட்டு வெளியே போக வேண்டும். எடைச் சீட்டோடு, வங்கி அறிக்கையோடு, கம்பெனி அனுப்பும் கணக்கு நகலோடு, வள்ளக்காரர் வாய்மொழியோடு ஒப்பிட வேண்டும்.

வெளியே போகாததன் விலையை இந்தியா 2009 ஜனவரி 7 அன்று பார்த்தது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏடுகள் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்துக்குப் பற்று எழுதப்பட்டது போலவே, இல்லாத வருமானத்துக்கு வரவும் எழுதப்பட்டிருந்தது. தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள், வங்கி இருப்பை வங்கியிடமே நேரில் உறுதிசெய்யும் வழக்கமான நடைமுறையைச் சரிவரச் செய்யவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் குற்றம் கண்டது.

வேம்பார்க் கடைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மாதம் ஒருமுறை சீட்டு எண் வரிசையும் கிலோக் கணக்கும் பார்ப்பது, ஆண்டு முடிவில் ஒவ்வொரு வள்ளக்காரருக்கும் "உங்கள் கணக்கில் நாங்கள் தர வேண்டியது இவ்வளவு, சரிதானா" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது, போன ஆண்டுத் தொகையைப் பக்கத்தில் வைத்துத் துள்ளிய செலவுகளின் பில்லை எடுப்பது ஆகிய மூன்றும் போதும். நிலுவை இல்லை என்று கணக்குக் காட்டுகிறவர்களுக்கும் அந்தக் கடிதம் போக வேண்டும். விட்டுப்போன 24,800 ரூபாய்க்கு உரிய வள்ளக்காரர் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.