ஸ்பூனுக்கு ஒரு நேரம், கீரைக்கு ஒரு நேரம்

1907-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் எடுத்த ‘தி ஹாண்டட் ஹோட்டல்’ படத்தில், சாப்பாட்டு மேசையில் கத்தி தானாக எழுந்து ரொட்டியை அறுக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித், ‘தி பர்த் ஆஃப் எ ஃபிளவர்’ படத்தில் மொட்டுகள் சில நொடிகளில் மலர்வதைக் காட்டினார். இரண்டுமே ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தவைதான். ஆனால் கத்தியை யாராவது நகர்த்தாவிட்டால் அது நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். பூவை யாரும் தொட வேண்டியதில்லை, அது தன் போக்கில் விரிந்துகொண்டே போகும். பொருளைக் கையால் நகர்த்தி நகர்த்திப் படம் பிடிப்பது ஸ்டாப் மோஷன். தானாக மாறுவதை இடைவெளி விட்டு விட்டுப் பிடிப்பது டைம்-லாப்ஸ்.

ஸ்பூனையும் இலையையும் ஒரே மேசையில் வைத்துக் குறும்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. சிக்கலும் அழகும் அங்கேதான். ஸ்பூன் நமக்காகக் காத்திருக்கும், இலை காத்திருக்காது.

பத்து நொடிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேசையின் நடுவே ஒரு முளைக்கீரை இலை. இடப்பக்கமிருந்து ஒரு ஸ்பூன் நடந்து வந்து அதன் அருகே நின்று, மெல்லக் குனிந்து பார்க்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை வாடிச் சுருள்கிறது. நொடிக்கு 12 படங்கள் போதும், எனவே மொத்தம் 120 படங்கள்.

ஸ்பூனை எத்தனை மணி நேரத்தில் வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆகவே படப்பிடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது இலைதான். படத்துக்கு வைத்திருக்கும் கீரைக்கட்டிலிருந்தே ஓர் இலையை முந்தின நாளே மேசையில், அதே விளக்கின் கீழ் வைத்து, செல்போனில் டைம்-லாப்ஸ் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும். நன்றாகச் சுருள மூன்று மணி நேரம் ஆனதென்றால், 180 நிமிடங்களை 120 படங்களால் வகுத்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று வரும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஸ்பூனை நகர்த்தி, கையை எடுத்து, படத்தைச் சொடுக்கிவிட வேண்டும். நடுவில் அரை மணி நேரம் சாப்பிடப் போனால், திரையில் இலை 20 படங்களைத் தாண்டிக் குதிக்கும். ஸ்பூன் விட்ட இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பறித்த இலை ஒரே சீராக வாடுவதில்லை. இலைத்துளைகள் திறந்திருக்கும் வரை தண்ணீர் வேகமாக ஆவியாகும், அவை மூடிக்கொண்ட பிறகு மெதுவாகும். எனவே தளர்ச்சியின் பெரும்பகுதி முன்பாதியிலேயே நடந்துவிடக்கூடும். ஸ்பூன் வந்து சேரும் முதல் இரண்டு நொடிகளில் இலை பசுமையாக இருக்க வேண்டுமென்றால், அதுவரை காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, கேமராவுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம். ஸ்பூன் வந்து நின்றதும் பஞ்சை எடுத்துவிட்டால் வாட்டம் அப்போதுதான் தொடங்கும். இப்படிச் செய்தால் வாடுவதற்கு மிஞ்சுவது 96 படங்கள்தான், இடைவெளியை அதற்கேற்ப மறுபடி கணக்கிட வேண்டும். வாடவே கூடாத கதை என்றால் கீரையே வேண்டாம். மாவிலை, பலா இலை போன்ற தடித்த இலைகள் நெடுநேரம் தாங்கும். நடுநரம்பின் அடியில் மெல்லிய கம்பியை ஒட்டிவிட்டால் வளைத்த வளைவில் நிற்கும்.

இனி ஸ்பூனின் நடை. இரண்டு நொடியில் 30 சென்டிமீட்டர் கடக்க 24 நகர்வுகள் உண்டு. ஒவ்வொன்றையும் சமமாக வைத்தால் கயிறு கட்டி இழுத்தது போலிருக்கும். முதல் நகர்வு 2 மில்லிமீட்டர், அடுத்தது 4, பிறகு 6, 9, 11, 13 என்று ஏற்றி, நடுவிலுள்ள 12 நகர்வுகளையும் ஒன்றே முக்கால் சென்டிமீட்டராக வைத்து, கடைசி ஆறில் அதே கணக்கில் இறக்கினால் கூட்டுத்தொகை சரியாக 30 வரும். கிளம்பும் தயக்கமும் நிற்கும் தயக்கமும் கிடைத்ததும் பார்ப்பவர் அதை உயிருள்ளதாக நம்பத் தொடங்கிவிடுகிறார். நின்ற பிறகு ஸ்பூனை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பக்கத்தில் இலை அசைந்துகொண்டிருக்க, அசையாத ஸ்பூன் உடனே வெறும் பாத்திரமாகிவிடும். நாலைந்து படங்களுக்கு ஒருமுறை ஒரு மில்லிமீட்டர் குனிந்தால் போதும். ஸ்பூன் நிமிர்ந்து நிற்க, அதன் காம்பு மேசையைத் தொடும் இடத்தில் பட்டாணி அளவு களிமண்ணை ஒட்டி, கேமராவுக்குத் தெரியாதபடி பின்பக்கமாக மறைத்துவிடலாம்.

எவர்சில்வர் ஸ்பூன் ஒரு கண்ணாடியும்கூட. குழிந்த பக்கம் அறை தலைகீழாகத் தெரியும். புடைத்த பக்கம் இன்னும் மோசம், கேமரா, விளக்கு, எடுப்பவர் எல்லோரையும் சேர்த்துக் காட்டும். கேமராவில் மாட்டும் போலரைசர் வடிகட்டி உலோகப் பளபளப்பிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும். மேசையைச் சுற்றி டிரேசிங் தாளால் கூடாரம் போட்டு, விளக்கை வெளியிலிருந்து அடித்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுவதே கைகண்ட வழி. அப்போது ஸ்பூனில் பெரும்பாலும் வெண்மையும் இலையின் பச்சையுமே தெரியும். இலையைத் தனியாகவும் ஸ்பூனைத் தனியாகவும் எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். நேரக் கணக்கின் தொல்லையிலிருந்து அது விடுதலை தரும், உண்மைதான். ஆனால் வாடும் இலையின் பிம்பம் ஸ்பூனின் குழிவில் சுருங்குவதும், ஸ்பூனின் நிழல் இலைமேல் ஊர்வதும் போய்விடும். அவற்றுக்காகவே மூன்று மணி நேரம் அங்கே நிற்கலாம் என்பேன்.

கேமராவில் தானாக இயங்கும் எதையும் விட்டுவைக்கக் கூடாது. வெளிச்சம், வண்ணச் சமன், குவியம் எல்லாவற்றையும் கையால் பூட்ட வேண்டும். பல செல்போன்களிலும் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். ஜன்னலை மூடிவிட வேண்டும், மூன்று மணி நேரத்தில் வெயில் நகர்ந்துவிடும். எடுப்பவர் கறுப்புச் சட்டை அணிந்து, ஒவ்வொரு படத்துக்கும் அதே இடத்தில் நிற்பது நல்லது. வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும் படத்தில் பதியும். இத்தனை செய்தும் எஸ்எல்ஆர் கேமராவில் படம் மினுமினுக்கலாம். ஒவ்வொரு சொடுக்கலிலும் லென்ஸின் துளை மயிரிழை வித்தியாசத்தில் மூடுவதே காரணம். துளையை முழுதாகத் திறந்து வைப்பதும், கையால் வளையம் திருகும் பழைய லென்ஸை மாட்டுவதும் அதைத் தீர்க்கும்.

எடுத்த படங்களை ஓட்டிப் பார்க்கும்போது முதலில் ஸ்பூனையும் இலையையும் பார்க்காதீர்கள். எதுவுமே நடக்காத மேசை மூலையைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் ஏறி இறங்கினால் விளக்கிலோ லென்ஸிலோ கோளாறு. மூலை முழுவதுமாக இடம் பெயர்ந்தால் முக்காலி அசைந்திருக்கிறது, அதன் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். மூலை அப்படியே இருந்து இலை மட்டும் துள்ளினால் நேரத்தில் தவறியிருக்கிறீர்கள். வெளிச்ச மினுக்கலை மென்பொருள் ஓரளவு சரிசெய்யும், சிறிய அசைவையும் நிலைப்படுத்தும். இலையின் துள்ளலுக்கு மட்டும் மருந்தில்லை, புது இலையோடு முதல் படத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் அதே கட்டிலிருந்து, அதே அளவில் ஏழெட்டு இலைகளைக் காம்போடு தண்ணீரில் போட்டு வைத்துவிட்டே வேலையை ஆரம்பியுங்கள்.