ஐந்து ரதங்களை மேலிருந்து கீழே படியுங்கள்

ஆரணியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உடன் வந்த வழிகாட்டி இருபது நிமிடத்தில், 'இது தருமர் வீடு, இது பீமன் வீடு, இது திரௌபதி வீடு' என்று காட்டி முடித்துவிட்டாராம். அப்போது ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "டீச்சர், மேலே இவ்வளவு அழகா செஞ்சவங்க, கீழே மட்டும் ஏன் கரடுமுரடா விட்டுட்டாங்க?" வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று கடிதம் முடிகிறது.

அந்தப் பையன் கேட்டது ஐந்து ரதங்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. இவை பாண்டவர் வீடுகளும் அல்ல, தேர்களும் அல்ல. அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. ஒற்றைப் பாறைத் தொடரை வெட்டி, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர்கள் செதுக்கிய கோயில் வடிவங்கள் இவை. மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவை என்பது பரவலான கருத்து. எல்லாமே இராஜசிம்மனுடையவை என்று வாதிட்டவர் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி.

அர்ச்சுனன் தபசிலிருந்து தெற்கே ஐந்து ரதச் சாலையில் நடந்தால் கொஞ்ச தூரம்தான். ஆனால் போகும் நேரம் முக்கியம். தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, அதைக் காலையில் பாருங்கள். வரிசையாக நிற்கும் நான்கு ரதங்களும் மேற்கு பார்த்தவை. அதனால் பிற்பகல் மூன்று மணிக்குமேல் போனால்தான் வெயில் முகப்பில் விழும், உளிக்கோடுகள் நிழல்கட்டித் தெரியும். உச்சி வெயிலில் போனால் எல்லாம் சப்பையாகத் தெரியும், மணல் காலைச் சுடும். அந்தப் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வடக்கு முனையில் நுழைகிறோம். முதலில் திரௌபதி ரதம், அடுத்து ஒரே மேடையில் அர்ச்சுனன் ரதம், அதற்கப்பால் பீமன் ரதம், தென்கோடியில் உயர்ந்து நிற்பது தருமராஜ ரதம். நம் வலக்கைப் பக்கம், மேற்கே தனியாக நிற்பது நகுல சகதேவ ரதம். அதன் பின்பக்கம் நம்மை நோக்கி வளைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கல் யானை, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரதத்தின் முதுகையும் யானையின் முதுகையும் மாறி மாறிப் பாருங்கள். இப்படிப் பின்புறம் வளைந்த கோயிலுக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியதுபோல யானையைப் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் யானையின் மேல் குழந்தையை ஏற்றிப் படம் எடுப்பதுதான் நடக்கிறது.

திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக்குடிசைக் கூரை. உள்ளே துர்க்கை, அவள் காலடியில் தன் தலையையே அரிந்து கொடுக்கப்போகும் பக்தன். பீமன் ரதத்தின் கூரை நீளமானது, கூண்டு வண்டியின் கூண்டைப்போல வளைந்தது. மரத்திலும் ஓலையிலும் கட்டிப் பழகிய வடிவங்களைக் கல்லில் அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். பீமன் ரதத்தின் முன்னால் நின்று கண்ணை உச்சியில் வைத்துக் கீழே இறக்குங்கள். கூரை வழவழப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே சிறு கூடுகளின் வரிசையும் தெளிவு. தூண்களுக்கு வரும்போது வேலை தளர்கிறது. தூண்களுக்குப் பின்னால் குடைந்தது பாதியில் நிற்கிறது. அடியில் வெறும் பாறை. கீழே வரவர வேலை குறைவது ஏன்? மேலிருந்து தொடங்கினார்கள், கீழே வருமுன் நிறுத்திவிட்டார்கள். கட்டுகிற கோயில் அடித்தளத்திலிருந்து எழும்பும், அதில் வேலை நின்றால் மேல்பாதி இருக்காது. செதுக்குகிற கோயில் இறங்கி வரும், அதில் வேலை நின்றால் கீழ்ப்பாதிதான் குறையும்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பார்கள். அப்பா உத்தரத்தின் ஓரத்தில் தொடங்கிக் கீழே வருவார். நான் சிறுவயதில் கைக்கு எட்டிய இடத்தில் தொடங்கி, மேலே அடித்தபோது வழிந்த சுண்ணாம்பு கீழே அடித்ததையெல்லாம் கெடுத்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். சிற்பியின் கணக்கும் அதுதான். முதலில் கீழே யாளி முகம் செதுக்கிவிட்டு, பிறகு மேலே பாறையை உடைத்தால் விழும் சில்லு யாளியின் மூக்கைக் கொண்டுபோய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. மேலே செதுக்கும்போது கீழே வெட்டாமல் கிடக்கும் பாறையே நிற்க இடம் தருகிறது. பெரிய சாரம் கட்டவேண்டியதில்லை.

பாறையை எப்படிக் குறைத்தார்கள் என்பதற்கும் தடயம் இருக்கிறது. இந்த ஊரில் முடியாமல் விட்ட குடைவரைகள் பல. சிலவற்றில் பாறை முகத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஆழமான பள்ளக்கோடுகள் வெட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பதைக் காணலாம். சுற்றிலும் பள்ளம் விழுந்தபின் நடுவில் நிற்கும் சதுர மேட்டைத் தட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு அடுக்கு போனதும் மறுபடி கோடு, மறுபடி தட்டு. கல்லை இரும்பு உளியால் இப்படி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். இதில் ஒரு தவறு நேர்ந்தால் ஒட்டவைக்க வழியில்லை. கட்டடத்தில் கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே உடைந்த தூணுக்கு மாற்றுக் கல் மலையில்கூடக் கிடைக்காது.

தருமராஜ ரதம் கொஞ்சம் சிக்கலானது. மேல்தளங்களில் உருவங்களும் பல்லவ கிரந்த எழுத்தில் அரசனின் விருதுப்பெயர்களும் நிறைந்திருக்கின்றன. கீழ்த்தளத்தின் நான்கு மூலைகளிலும் அர்த்தநாரி உட்பட முழுமையான சிலைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு நடுவே தூண்கள் கரடாகவே நிற்கின்றன, உள்ளே குடையவில்லை. ஆக, மேலிருந்து கீழே என்பது எல்லாரும் ஒரே கோட்டில் இறங்கிய கதை அல்ல. நல்ல கையுள்ளவர்கள் மூலைச் சிலைகளை முடிக்க, குடைகிறவர்கள் பின்தங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். வேலை ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் சொல்லப்படும் சாபக் கதைகளை நான் நம்புவதில்லை.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. முடியாத பகுதிதான் இங்கே வேலை செய்த ஆட்களின் கையை நேராகக் காட்டும் இடம். அதைத்தான் 'அங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லி வழிகாட்டிகள் தாண்டிப்போகிறார்கள். அந்தக் கரட்டுக் கல்லில்தான் நாம் ஆணியால் பெயர் கீறுகிறோம். பல்லவ உளிக்கோட்டுக்கு மேல் நேற்றைய காதலர் பெயர் விழுந்தால், எது எது என்று பின்னால் வருகிறவருக்குப் பிரித்தறிவது கடினம்.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளை மாலையில் கூட்டிப்போங்கள். பெயர்களைச் சொல்லுமுன் ஒவ்வொரு ரதத்தையும் உச்சியிலிருந்து அடிவரை அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது, சாலையை ஒட்டிய மலையடிவாரத்தில் முடியாமல் நிற்கும் இன்னொரு தபசுப் பாறையையும் காட்டுங்கள். அந்தப் பையனை முன்வரிசையில் நிறுத்துங்கள்.