கிட் பிரின்டர் தொடர்: கனசதுரம் சொல்லும் பொய்

இந்த வாரம் மோட்டார் வயர் என்று சொல்லியிருந்தேன். முழுசாக வராது, கடைசியில் இரண்டு வரி வரும். சட்டத்தை மேசையில் வைத்துத் தளர்வாக மூட்டியதுவரை போன வாரமே ஆயிற்று. அதற்குப் பிறகு எல்லாரும் செய்வது ஒன்றுதான். திருகுகளை இறுக்கிவிட்டு, 20 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை அச்சடித்து, வெர்னியர் காலிப்பரால் பக்கங்களை அளந்து, 20.00 என்று வந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த அளவு சட்டத்தைப் பற்றி அநேகமாக எதையுமே சொல்வதில்லை என்பதுதான் என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் 90 பாகைக்குப் பதிலாக 89 பாகையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அச்சாகும் சதுரம் இணைகரமாகிறது. ஆனால் காலிப்பரின் தாடைகள் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான செங்குத்துத் தூரத்தையே அளக்கும், அது 19.997 மில்லிமீட்டர். சாதாரண காலிப்பர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. அதே துண்டை மூலைக்கு மூலை அளந்தால் ஒரு மூலைவிட்டம் 28.53, மற்றது 28.04. அரை மில்லிமீட்டர் வித்தியாசம், எந்தக் காலிப்பருக்கும் தெரியும். பக்கத்தில் ஒளிந்துகொள்ளும் கோணல் மூலைவிட்டத்தில் நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகி வெளியே வருகிறது. இதைவிட நல்லது, 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள மெல்லிய சதுரச் சட்டம் ஒன்றை அச்சடித்து அளப்பது. அங்கே ஒரு பாகைச் சாய்வு இரு மூலைவிட்டங்களுக்கிடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். முனைகள் சற்று உருண்டு வருவதால் வரும் பிழையும் அந்த அளவில் சிறுத்துப் போகும்.

பூ ஜாடிக்கும் சாவிக்கொத்துக்கும் இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். ஜாடிக்கு வேண்டாம்தான். மூடி போட்ட பெட்டிக்கு வேண்டும். பெட்டி நிமிர்ந்தபடி அச்சாகிறது. மூடியை வழவழப்பான முகம் கீழே வரும்படி கவிழ்த்து அச்சடிக்கிறோம், பிறகு திருப்பிப் போட்டு மூடுகிறோம். திருப்பியதும் மூடியின் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 100 மில்லிமீட்டர் பெட்டியில் ஒரு பாகைக்கு 1.75 மில்லிமீட்டர் கோணல் என்றால், பெட்டியும் மூடியும் சேர்ந்து மூலையில் 3.5 மில்லிமீட்டர் விலகும். இரண்டு துண்டின் பக்க அளவும் சரியாக இருக்கும், மூடி மட்டும் உட்காராது. அப்போது பழி பிளாஸ்டிக் சுருக்கத்தின் மேல் விழும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இயந்திரம் 2016-ல் வந்த பிரூசா ஐ3 எம்கே2. தட்டில் பதித்த செம்புப் புள்ளிகளை அதன் சென்சார் தேடிப் பிடித்து, இரு அச்சுகளுக்கும் இடையிலான கோணத்தைத் தானே கணக்கிடும். 0.12 பாகைக்குள் இருந்தால் செங்குத்து என்று ஒப்புக்கொள்ளும், 0.25-ஐத் தாண்டினால் சாய்வு அதிகம் என்று சொல்லிவிடும். அந்த மாடலில் ஒய் பகுதியும் நிற்கும் சட்டமும் மரைத்தண்டுகளில் நட்டு போட்டுச் சேர்ந்திருந்தன. எம்10 தண்டில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மில்லிமீட்டர் நகரும். கணக்குக்காக இரு தண்டுகளுக்கும் இடையே 200 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு பக்கம் மட்டும் ஒரு சுற்று அதிகமானாலே 0.4 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும்.

அப்படியானால் மென்பொருளே திருத்திவிடாதா? திருத்தும். பிரூசா தானாகச் செய்கிறது. மார்லினில் அந்த வசதியை இயக்கியிருந்தால் `M852` இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் கோணம் மாறாமல் இருக்கும்வரைதான் செல்லும். தட்டு முன்னும் பின்னும் ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் சட்டத்தை உலுக்குகிறது. நட்டு தளர்ந்திருந்தால் நேற்று அளந்த கோணம் இன்று இராது. அதோடு, எம்கே2 அளப்பது தட்டின் தளத்திலுள்ள கோணத்தை மட்டும்தான்; நிற்கும் தூண் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் இரும்பு, பிறகு மென்பொருள். சட்டத்தை மட்டமான கண்ணாடி அல்லது கிரானைட் மேல் வைத்து, மூலைமட்டம் பிடித்தபடி, எதிர் மூலைத் திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் திருகு சுழலும்போதே சட்டத்தையும் சேர்த்துத் திருகிவிடும். இறுக்கியபின் மூலைமட்டத்தை மறுபடி வைத்துப் பாருங்கள், முதலில் பார்த்தது செல்லாது.

மோட்டார் வயர் மாறினால் இந்தத் தொல்லை கிடையாது, முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சுருளின் இரண்டு வயர்களும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். இரு சுருள்களின் வயர்கள் கலந்துபோனால் நின்ற இடத்தில் ஓடாமல் நடுங்கி உறுமும். எந்த இரண்டு வயர் ஒரே சுருள் என்பதை மீட்டர் இல்லாமல், தண்டை விரலால் சுற்றியே கண்டுபிடிப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை மின்சாரம் ஓடும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி மாற்றிப் பார்க்காதீர்கள், போர்டில் இருக்கும் டிரைவர் சிப் போய்விடும்.