எந்த அணியைப் போட்டாலும் அடங்கும் தொடர்

e-யின் அடுக்கு x என்பதை 1 + x + x²/2! + x³/3! + … என்ற முடிவில்லாத் தொடராகப் பலரும் படித்திருப்போம். x இருக்கும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக A என்ற சதுர அணியைப் போட்டுப் பார்த்தால்? 1-க்குப் பதில் அலகு அணி I வரும், மற்றபடி எழுதுவதில் சிக்கல் இல்லை. இரண்டு தொட்டிகளுக்கிடையே தண்ணீர் மாறி மாறிப் பாய்வது போல, சில அளவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மாறும் கணக்குகளில் விடையே இந்தத் தொடர்தான்.

ஆனால் A-க்குள் ஆயிரம், லட்சம் என்று எண்கள் இருந்தால் அதன் அடுக்குகள் எங்கேயோ போய்விடுமே, கூட்டுத்தொகை எப்படி ஓரிடத்தில் நிற்கும்? எளிமையான 1 + x + x² + … என்ற தொடரிலேயே x = 2 என்று போட்டால் நிற்பதில்லை.

முதலில் ஓர் அணி எவ்வளவு பெரியது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அதை நார்ம் என்பார்கள். உள்ளே இருப்பவற்றில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது உதவாது. நான்கு இடத்திலும் 1 உள்ள 2×2 அணியை அதனாலேயே பெருக்கினால் நான்கு இடத்திலும் 2 வருகிறது. அந்தக் கோலில் அணியின் அளவு 1, அதன் வர்க்கத்தின் அளவோ 2. பெருக்கும்போது அளவு கைமீறிப் போகிறது.

வேறு கோல் எடுப்போம். குறிகளை விட்டுவிட்டு ஒவ்வொரு நிரையையும் கூட்டி, அவற்றில் பெரிய தொகையை நார்ம் என்று கொள்வோம். இப்போது AB என்ற பெருக்கலில் ஒரு நிரை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். B-யின் நிரைகளை எடுத்து, A-யின் நிரையிலுள்ள எண்களால் பெருக்கிக் கூட்டுகிறோம். B-யின் எந்த நிரையும் B-யின் நார்மைத் தாண்டாது. பெருக்கும் எண்கள் எல்லாம் சேர்ந்தாலும் A-யின் நார்மைத் தாண்டாது. ஆகவே AB-யின் நார்ம், இரண்டு நார்ம்களின் பெருக்கலுக்கு மேல் போக வழியில்லை. முழு நிரூபணத்தின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இதைத் திரும்பத் திரும்பப் போட்டால், A-யின் நார்ம் r எனில், A-யின் k-ஆவது அடுக்கின் நார்ம் rᵏ-ஐத் தாண்டாது.

```
A  = | 2  -1 |     A² = | 3  -5 |     A³ = |  1  -18 |
     | 1   3 |          | 5   8 |          | 18   19 |
```

A-யின் நார்ம் 4. A²-க்கு 13 வருகிறது, வரம்பு 16. A³-க்கு 37, வரம்பு 64. தொடரில் k-ஆவது உறுப்பின் நார்ம் 4ᵏ/k!-க்குள் அடங்கியாக வேண்டும். அந்த வரம்பு 4, 8, 10.67, 10.67, 8.53 என்று ஏறி இறங்குகிறது. ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 4-ஆல் பெருக்கி k-ஆல் வகுக்கிறோம். k எட்டைத் தொட்டதும் ஒவ்வொரு அடியிலும் குறைந்தது பாதியாகிவிடும். இருபதாவது உறுப்பில் வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நார்ம் ஒரு லட்சமாக இருந்தாலும் கதை மாறாது. இரண்டு லட்சம் உறுப்புகள் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவே. வகுக்கும் k வளர்ந்துகொண்டே போகிறது, r நின்ற இடத்தில் நிற்கிறது.

மீதி எளிது. அணிக்குள் எந்த இடத்து எண்ணும் நார்மைவிடப் பெரியதில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாதாரண எண்தொடர் ஓடுகிறது, அதன் உறுப்புகள் rᵏ/k!-க்குள் அடங்குகின்றன. இந்த வரம்புகளை எல்லாம் கூட்டினால் eʳ, நம் அணிக்கு e⁴, அதாவது சுமார் 54.6. எனவே எல்லா இடத்திலும் தொடர் ஒருங்குகிறது. A-யிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: அதன் நார்ம் முடிவுள்ள எண்ணாக இருக்க வேண்டும். எந்தச் சதுர அணிக்கும் அது இருக்கிறது.

ஒருங்குவது வேறு, கணினியில் சரியாக வருவது வேறு. கிளீவ் மோலர், சார்ல்ஸ் வான் லோன் இருவரும் 1978-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் அணியைக் காட்டினார்கள்:

```
| -49  24 |
| -64  31 |
```

சரியான விடையில் முதல் எண் சுமார் -0.74. ஆறேழு இலக்கத் துல்லியத்தில் தொடரை அப்படியே கூட்டிய கணினி தந்ததோ சுமார் -22.26. காரணம், 16, 17-ஆவது உறுப்புகளில் பத்து லட்சத்தைத் தாண்டும் எண்கள் வந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. சின்ன விடை அந்தக் கழித்தலில் கரைந்துபோகிறது.

இதற்கு மருந்தும் நார்மிடமே இருக்கிறது. இந்த அணியின் நார்ம் 95. அணியை 7 முறை பாதியாக்கினால், அதாவது 128-ஆல் வகுத்தால், நார்ம் 0.75-க்கும் கீழே வந்துவிடும். அங்கே உறுப்புகள் தொடக்கத்திலிருந்தே சுருங்குகின்றன. கிடைத்த விடையை 7 முறை வர்க்கப்படுத்தினால் மூல அணிக்குரிய விடை வரும். மேட்லாபில் உள்ள expm கட்டளையும் இப்படி வகுத்து, பிறகு வர்க்கப்படுத்தும் முறையில்தான் இயங்குகிறது.