236 ரூபாய் யாருக்குப் போனது?

கும்பகோணத்தில் என் மாமா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தை மாதத்துக் கல்யாண சீசனில் ஒருவர் சீர்வரிசைக்காக ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கினார். சரியாகப் பத்தாயிரம் ரூபாய். கிரெடிட் கார்டைச் செருகி, பின் நம்பரை அழுத்திவிட்டுப் போனார். அன்றைக்குக் கார்டில் நடந்தது அந்த ஒரு வியாபாரம்தான். மறுநாள் காலையில் மாமாவின் போனுக்கு வந்த தகவலில் கணக்கில் சேர்ந்த தொகை 9,764 என்று இருந்தது.

"பாரு தம்பி, ஒரு மிஷினைக் கொண்டாந்து வச்சுட்டு, உக்காந்த எடத்துல 236 ரூவாயை எடுத்துக்கிட்டான்" என்றார். அவர் திட்டியது மிஷின் கொடுத்த பேங்க்கை. திட்டு தப்பான விலாசத்துக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த 236 ரூபாயை இரண்டு பேருமாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதலில் எளிதான பகுதி. மாமாவுக்குப் பேசிய கட்டணம் இரண்டு சதவீதம். வியாபாரத்தில் இதை எம்.டி.ஆர். என்பார்கள். பத்தாயிரத்துக்கு 200 ரூபாய். அந்த 200-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். இந்த 36-ஐ மாமா தன் ஜி.எஸ்.டி. கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு அந்த வழி கிடையாது, அவருக்கு அது முழுச் செலவு. ஆக, பார்க்க வேண்டியது மீதி 200.

டிராயரிலிருந்து மிஷின் ஸ்லிப்பை எடுத்தார். உச்சியில் ஒரு பேங்க்கின் பெயர். அது மாமாவுக்கு மிஷின் கொடுத்த பேங்க், தொழில்மொழியில் அக்வையரர். கீழே `MID`, `TID` என்று கடைக்கும் மிஷினுக்கும் உரிய எண்கள். அதற்கும் கீழே கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், `APPR CODE`, `RRN`. ஸ்லிப்பில் இல்லாத ஒரு பெயர் உண்டு. வாங்கியவரின் கார்டில் அச்சிட்டிருந்த பேங்க்கின் பெயர். அவருக்குக் கார்டு கொடுத்த அந்த பேங்க்தான் இஷ்யூயர். கார்டுக்காரர், அவருடைய பேங்க், கடைக்காரர், கடைக்காரருடைய பேங்க். நான்கு தரப்பு என்று சொல்வது இவர்களைத்தான். நடுவில் நிற்கும் விசாவையோ மாஸ்டர்கார்டையோ ரூபேயையோ அந்த நாலில் சேர்ப்பதில்லை. கல்யாணத்தில் தரகரை எந்த வீட்டுக் கணக்கிலும் சேர்க்காத மாதிரி.

கார்டைச் செருகியதும் மிஷின் தன் பேங்க்குக்குச் செய்தி அனுப்புகிறது. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்கள் எந்த நெட்வொர்க், எந்த பேங்க் என்று சொல்லிவிடும். 4-இல் தொடங்கினால் விசா. நெட்வொர்க் அதைப் பார்த்துச் செய்தியைக் கார்டு கொடுத்த பேங்க்குக்குத் திருப்பிவிடுகிறது. அந்த பேங்க் சிப் அனுப்பிய ரகசியக் குறியீடு, பின் நம்பர், பாக்கி இருக்கும் லிமிட் எல்லாவற்றையும் பார்த்து, சரி என்று ஓர் ஒப்புதல் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஸ்லிப்பில் `APPR CODE` என்று விழுவது அதுதான். எல்லாம் சேர்ந்து சில விநாடிகள். இதுவரை ஒரு ரூபாய்கூட நகரவில்லை. லிமிட்டில் பத்தாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பணம் நகர்வது ராத்திரி, மிஷினில் செட்டில்மென்ட் போட்ட பிறகு. அன்றைய வியாபாரம் முழுவதும் ஒரு கட்டாக நெட்வொர்க்குக்குப் போகிறது. எந்த பேங்க் எந்த பேங்க்குக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நெட்வொர்க் கணக்குப் போடுகிறது. கார்டு கொடுத்த பேங்க் பத்தாயிரத்தையும் அனுப்புவதில்லை. தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். அந்தப் பங்கின் பெயர் இன்டர்சேஞ்ச்.

எவ்வளவு பிடிப்பார்கள் என்பது கார்டின் ரகத்துக்கும் கடையின் வகைக்கும் தகுந்தபடி மாறும். கணக்குக்காக ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் மாமாவின் பேங்க்குக்கு வந்தது 9,850. அதில் மாமாவுக்கு 9,764, வரிக்கு 36. கையில் நின்றது 50. அதிலும் நெட்வொர்க்குக்குக் கட்டணம் உண்டு, அதை 15 என்று வைத்தோம். மிஞ்சியது 35 ரூபாய்.

"முப்பத்தஞ்சுதானா?" என்றார் மாமா. மிஷின், பேப்பர் ரோல், ரிப்பேருக்கு வரும் பையன், எல்லாம் அந்த 35-க்குள். அதைவிடப் பெரிய சுமை ஒன்றும் அதற்குள் இருக்கிறது. நாளைக்கு அந்த வாடிக்கையாளர் "விளக்கு வந்து சேரவில்லை" என்றோ "இது நான் போட்டதே இல்லை" என்றோ தன் பேங்க்கில் புகார் செய்தால், பணம் அதே பாதையில் திரும்பிப் போகும். கடைக்காரரிடமிருந்து வாங்க முடியாமல், அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால், மிஷின் பேங்க்தான் கைப்பணத்தைக் கட்ட வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு மாதங்கள் கழித்துச் சேவை தரும் டிராவல்ஸ் போன்ற தொழில்களுக்கு மிஷின் தர பேங்க்குகள் யோசிப்பது இதனால்தான்.

அப்போ 150 ரூபாய் வாங்கியவருக்குக் கொள்ளை லாபமா? அதையும் போட்டுப் பார்த்தோம். கார்டுக்காரர் பணம் கட்ட இன்னும் நாற்பது நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை 9,850 ரூபாய் அந்த பேங்க்கின் பணம். வருடத்துக்கு 8 சதவீதம் என்றால் நாற்பது நாள் வட்டி சுமார் 86 ரூபாய். கார்டுக்காரருக்கு ஒரு சதவீதம் ரிவார்டு பாயின்ட் தந்தால் அது 100. கூட்டினால் 186. கெடு தவறாமல் முழுசாகக் கட்டும் வாடிக்கையாளரிடம் அந்த பேங்க் 36 ரூபாய் நஷ்டப்படுகிறது. அதை, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டியில் மாட்டிக்கொள்கிறவரிடம் ஈடுகட்டுகிறது. "இலவசமாக" வந்த பாயின்ட்டில் பெரும்பங்கு மாமாவின் கல்லாவிலிருந்து போனது.

இப்படி ஒரு பங்கு ஏன் வந்தது என்றால், ஆரம்பத்தில் இரண்டு பேங்க் இல்லை. 1958-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ நகரத்தில் பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்குக் கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. கடைக்காரருக்கும் அதே பேங்க், கார்டுக்காரருக்கும் அதே பேங்க். பங்கு பிரிக்க ஆளே இல்லை. 1966-இல் மற்ற பேங்க்குகளுக்கும் உரிமம் கொடுத்தபோதுதான், கடை ஒரு பேங்க்கிலும் கார்டு இன்னொரு பேங்க்கிலும் என்றானது. கமிஷனை வாங்குவது ஒருவர், கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொருவர். ஆயிரக்கணக்கான பேங்க்குகள் தனித்தனியாகப் பேரம் பேச முடியாது என்பதால், கூட்டமைப்பே ஒரு விகிதத்தை வைத்தது. அந்தக் கூட்டமைப்புதான் 1976-இல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இன்டர்சேஞ்ச் விகிதத்தை வைப்பது நெட்வொர்க், ஆனால் அந்தப் பணம் நெட்வொர்க்குக்குப் போவதில்லை. கார்டு கொடுக்கும் பேங்க்குக்குப் போகிறது. எந்த நெட்வொர்க்கின் கார்டைக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அதே பேங்க்தான். எனவே இரண்டு நெட்வொர்க்குகள் போட்டி போட்டால், பேங்க்கை இழுப்பதற்காக விகிதத்தை ஏற்றத்தான் தோன்றும். போட்டி வந்தால் விலை இறங்கும் என்ற சந்தை நியாயம் இங்கே தலைகீழ். கட்டணம் கொடுப்பவருக்குத் தேர்வு இல்லை, தேர்வு செய்பவர் கட்டணம் கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் சட்டம் போட்டு இன்டர்சேஞ்சை டெபிட் கார்டுக்கு 0.2, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்குள் கட்டியது இதனால்தான்.

இந்தியாவில் கட்டியது டெபிட் கார்டை மட்டும். 2018 ஜனவரியிலிருந்து, ஆண்டுக்கு 20 லட்சம் வரை வியாபாரம் உள்ள கடைக்கு மிஷினில் எம்.டி.ஆர். 0.40 சதவீதம், அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். மாமா இரண்டாவது ரகம். அதே விளக்கை டெபிட் கார்டில் விற்றிருந்தால் கட்டணம் 90 ரூபாயைத் தாண்டியிருக்க முடியாது. அது ரூபே டெபிட் கார்டாக இருந்திருந்தால் ஒன்றுமே இல்லை. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட்டுக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். பூஜ்யம். ஆனால் செலவு பூஜ்யமாகிவிடவில்லை. அதை ஈடுகட்ட 2021-22-க்கு மத்திய அரசு 1,300 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. கிரெடிட் கார்டுக்கு இந்த மாதிரி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை.

மாமா இன்னொரு ஸ்லிப்பை எடுத்து வைத்தார். போன மாதம் ஒருவர் 10,000 ரூபாய்க்கு அண்டா வாங்கிவிட்டு, சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தாராம். மாமா மறுநாள் ரீஃபண்ட் போட்டிருக்கிறார். வாங்கியவருக்கு முழு 10,000 போய்விட்டது. மாமாவுக்கு வந்தது 9,764, கட்டணம் திரும்பவில்லை. விற்காத அண்டாவுக்கு 236 ரூபாய் செலவு. அன்று ராத்திரி செட்டில்மென்ட்டுக்கு முன்பே `VOID` அழுத்தியிருந்தால் அந்த விற்பனை கணக்குக்கே போயிருக்காது, கட்டணமும் விழுந்திருக்காது. செட்டில்மென்ட் ஆன பிறகு `REFUND` மட்டும்தான் வழி. அப்போது கட்டணம் திரும்புமா என்பது மிஷின் பேங்க்கோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மாமா அதைப் படித்ததே இல்லை.

அடுத்த வாரம் மிஷின் பேங்க்கின் ஆள் வந்தபோது நானும் இருந்தேன். கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார் மாமா. "எங்க கையில இல்ல சார், பிரீமியம் கார்டு வந்தா எங்களுக்கே கையக் கடிக்குது" என்றார் அவர். பொய்யில்லை. உயர்ரகக் கார்டில் இன்டர்சேஞ்ச் 190 ரூபாய் என்றால், நெட்வொர்க்குக்கு 15 சேர்த்து 205 ஆகிவிடும். மாமாவிடம் வாங்கியது 200. ஆனால் சாதாரணக் கார்டில் மிஞ்சுவதை அவர் சொல்லவில்லை. எல்லாக் கார்டுக்கும் ஒரே விகிதம் என்று பேசினால், எதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. இன்டர்சேஞ்சை உள்ளபடி காட்டி, அதன்மேல் தங்கள் பங்கைத் தனியாகப் போடும் ஏற்பாடும் உண்டு. பெரிய கடைகள் அப்படித்தான் பேசுகின்றன. மாமா கேட்டதும், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் பதில் வரவில்லை. இப்போது யாராவது கறுப்பு நிறத்தில் மினுமினுக்கும் கார்டை நீட்டினால், மாமா அதைச் செருகுவதற்கு முன் முகப்பில் இருக்கும் பேங்க் பெயரை ஒரு தரம் படித்துக்கொள்கிறார்.