இரண்டு புள்ளிகள் தெரிய வேண்டும்

1903 ஜூன் 17. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 12 வயதுப் பையனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை. மருத்துவர் சார்லஸ் டோனவன் அவனது மண்ணீரலில் ஊசியைக் குத்தி, வந்த துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் முன்பே கண்டிருந்த குட்டி உருண்டைகள் இங்கேயும் இருந்தன. உயிரோடு இருக்கும் பையனிடம் கிடைத்ததால், அவை பிணம் அழுகி உண்டானவை அல்ல என்று தெளிவாயிற்று. இங்கிலாந்தில் லீஷ்மனும் இதே உருண்டைகளைக் கண்டு எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வந்தது.

பீகாரில் காலா அசார் என்பார்கள், நமக்குக் கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்துக் கிருமி உள்ளே போகிறது. அதை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே அது வாலை இழந்து, உருண்டு, பெருகுகிறது. இந்த வடிவத்துக்கு அமாஸ்டிகோட் என்று பெயர். நீளம் 2 முதல் 4 மைக்ரான். ஒரு சிவப்பணுவில் பாதிகூடத் தேறாது.

கீம்சா சாயமேற்றிய ஸ்லைடில், எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், வெளிர்நீல உடலுக்குள் செவ்வூதா நிறத்தில் வட்டமான உட்கரு தெரியும். பக்கத்திலேயே அதைவிடச் சிறிதாக, அடர்த்தியாக, குச்சி போல ஒன்று கிடக்கும். அதுதான் கைனெட்டோபிளாஸ்ட். அந்தக் குச்சி தெரியாமல் கிருமி என்று எழுதக் கூடாது. தட்டணுவும் சாயத் துகளும் ஏமாற்றும். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் மேக்ரோஃபேஜுக்குள்தான் குடியிருக்கும். ஆனால் அதற்குக் குச்சி கிடையாது. தடவும்போது செல் உடைந்து கிருமிகள் வெளியே சிதறியும் கிடக்கும். ஆகவே செல்லுக்குள் மட்டும் தேடினால் போதாது.

மண்ணீரல் ஸ்லைடில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் கிருமி அகப்படும். ஆனால் குத்திய இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஊசி ஒரு நொடிக்குள் போய்த் திரும்ப வேண்டும். தட்டணு 40,000-க்குக் கீழே இருந்தால் குத்தவே கூடாது. எலும்பு மஜ்ஜை எடுப்பது பயமில்லாதது, வலி அதிகம். அதில் பாதிப் பேருக்கு மட்டுமே அகப்பட்ட ஆய்வுகளும் உண்டு.

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை வந்த பிறகும் ஏன் இந்தப் பாடு? போன வருடம் சிகிச்சை முடித்த ஒருவருக்கு மறுபடி காய்ச்சல், மண்ணீரல் வீக்கம் என்று வைத்துக்கொள்வோம். நோய் தீர்ந்தாலும் எதிரணுக்கள் வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். பட்டை எப்படியும் கோடு காட்டும். ஸ்லைடுதான் வழி. முதல் 400 பார்வைப் புலங்களில் ஒன்றுமில்லை என்றாலும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் முடியும்போது குச்சியோடு மூன்று உருண்டைகள் அகப்பட்டால், அறிக்கையில் 1+ என்று எழுதுவார்கள். மருந்து மறுபடி தொடங்கும். மஜ்ஜையில் ஆயிரம் புலம் பார்த்தும் அகப்படாமல், காய்ச்சலும் நிற்காவிட்டால், அடுத்து மண்ணீரல்தான்.