பேங்க் கேரண்டி: தொகையைவிடத் தேதி முக்கியம்

அரசுத் துறையிடம் சப்ளை ஆர்டர் வாங்கிய சிறுதொழில் நிறுவனம், பேங்க் கேரண்டி கேட்டு வங்கிக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விவரங்கள் இருந்தாக வேண்டும்: தொகை, செல்லுபடிக் காலம், மார்ஜின். தொகையை ஒப்பந்தமே சொல்லிவிடும். மார்ஜினை வங்கி மேலாளரிடம் பேசி முடித்துவிடலாம். பிசகு பெரும்பாலும் தேதியில்தான் நேர்கிறது. சரக்கு போய்ச் சேரும் நாளையே பலர் கடைசித் தேதியாக எழுதிவிடுகிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளோ, வாரண்டி உட்பட எல்லாக் கடமைகளும் முடிந்து மேலும் 60 நாள் வரை கேரண்டி உயிரோடு இருக்க வேண்டும் என்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 லட்ச ரூபாய்க்குப் பம்புசெட் சப்ளை. செயல்திறன் பிணை 5 சதவீதம் என்றால் கேரண்டித் தொகை 2 லட்சம். சரக்கு ஏற்கப்படும் நாள் 30.9.2025, வாரண்டி 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வாரண்டி 30.9.2026இல் முடியும்; அதன் மேல் 60 நாள் கூட்டினால் 29.11.2026. கடிதத்தில் எழுத வேண்டியது இதுதான்: “ரூ.2,00,000க்கு, 29.11.2026 வரை செல்லுபடியாகும் செயல்திறன் கேரண்டி வழங்கக் கோருகிறோம். 25 சதவீத மார்ஜினாக ரூ.50,000ஐ வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் மீது வங்கிக்கு லியன் தரச் சம்மதிக்கிறோம்.” ஆர்டர் நகலையும், துறை கேட்கும் கேரண்டி வாசகத்தையும் இணைத்துவிட வேண்டும். மீதி ஒன்றரை லட்சத்துக்கு ஏற்கெனவே உள்ள லிமிட்டையோ சொத்துப் பிணையையோ காட்ட வேண்டியிருக்கும்.

இப்போதைக்குக் குறுகிய தேதி போட்டால் கமிஷன் மிச்சம், பிறகு நீட்டித்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். முதலில், குறுகிய கேரண்டியைத் துறையே திருப்பி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டாலும், காலாவதி நெருங்கும்போது “நீட்டியுங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்” என்று வங்கிக்குக் கடிதம் போகும். கேட்டவுடன் நிபந்தனையின்றித் தருவதாக எழுதிக்கொடுத்த வங்கி, சப்ளையர் பக்கத்து நியாயத்தை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பணத்தைக் கட்டிவிட்டு அவர் கணக்கில் கை வைக்கும். ஆண்டுக்கு 2 சதவீதக் கமிஷன் என்றால் இங்கே ஓராண்டுக்கு ரூ.4,000, அதன் மேல் ஜிஎஸ்டி. அந்த மிச்சத்துக்காக 2 லட்சத்தைப் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது.

அப்படியானால் கூடுதலாக ஓராண்டு சேர்த்துக் கேட்டுவிடலாமா? அதுவும் வீண். கேரண்டி நிலுவையில் உள்ளவரை மார்ஜின் முடங்கும், லிமிட்டும் குறைந்தே இருக்கும். கடைசித் தேதிக்குப் பின் கிளைம் காலம் என ஒன்றைச் சேர்த்தால் அதுவரையும் அப்படித்தான். சரக்கு ஏற்பு தள்ளிப்போனால் வாரண்டியும் தள்ளிப்போகும். அந்த நாளே நீட்டிப்புக்கு எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் அசல் கேரண்டியை, துறையின் விடுவிப்புக் கடிதத்தோடு வாங்கி வங்கியில் ஒப்படையுங்கள். அதைச் செய்யாவிட்டால் லியன் நீங்கத் தாமதமாகலாம்.